நுழைவு நீளத்தைத் தாண்டிவிட்டாலும் 3.66 பொருந்தாது

எண்ணெய்க் குளிர்விப்பான்களின் வடிவமைப்புக் கணக்கு என்னிடம் சரிபார்க்க வந்தால், நான் முதலில் தேடுவது 3.66 என்ற எண்ணைத்தான். சுவரின் வெப்பநிலை மாறாத வட்டக் குழாயில், லாமினார் பாய்வு முழுமையாக வளர்ந்த பிறகு நுசெல்ட் எண் எட்டும் மதிப்பு அது. ‘ரெனால்ட்ஸ் எண் 2300-க்குக் கீழே, ஆகவே 3.66’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். பாய்வு லாமினாரா என்று பார்த்தவர்கள், அது வளர்ந்துவிட்டதா என்று பார்ப்பதில்லை.

குழாய்க்குள் நுழையும்போது திரவம் முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருக்கிறது. குளிர்ந்த சுவரை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் முதலில் குளிர்கிறது. படலம் மெல்லியதாக இருக்கும்வரை வெப்பம் விரைவாக வெளியேறும். போகப்போக அது தடித்து, குழாயின் நடு அச்சைத் தொட்ட பிறகே நுசெல்ட் எண் குறைந்து குறைந்து 3.66-இல் நிலைகொள்கிறது. அதற்குத் தேவையான தூரமே நுழைவு நீளம்; அது சுமாராக 0.05 × ரெனால்ட்ஸ் எண் × பிராண்டில் எண் × விட்டம். திசைவேகம் வளர்வதற்கான தூரத்தில் பிராண்டில் எண் வராது. எண்ணெயில் எல்லாவற்றையும் புரட்டிப்போடுவது இந்த வேறுபாடுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குழாயின் விட்டம் 10 மில்லிமீட்டர், நீளம் 3 மீட்டர். ரெனால்ட்ஸ் எண் 100, பிராண்டில் எண் 600. திசைவேகம் 5 சென்டிமீட்டருக்குள் வளர்ந்துவிடுகிறது. வெப்பநிலை வளர 30 மீட்டர் வேண்டும். நம் குழாயோ அதில் பத்தில் ஒரு பங்குதான். இத்தகைய நிலைக்கு, திசைவேகம் முன்பே வளர்ந்துவிட்டது என்று கொள்ளும் ஹாவுசன் சூத்திரம் ஏற்றது. அது குழாய் முழுவதற்குமான சராசரி நுசெல்ட் எண்ணைத் தருகிறது:

```
Gz = Re * Pr * D / L
Nu = 3.66 + 0.0668*Gz / (1 + 0.04*Gz^(2/3))
```

இங்கே கிரேட்ஸ் எண் 200. நுசெல்ட் எண் 9.3. எண்ணெய் 80 டிகிரியில் நுழைந்து, சுவர் 30 டிகிரியில் இருந்தால், எண்ணெய் 8.5 டிகிரி குளிரும். 3.66 வைத்துப் போட்டால் 3.5 டிகிரிதான் வரும். ‘குறைவாகக் கணக்கிட்டால் பாதுகாப்புதானே’ என்பார்கள். குளிர்விப்பானுக்கு அது தேவைக்கு மிஞ்சிய குழாயையும், அதன் வழியே எண்ணெயைத் தள்ளத் தேவைக்கு மிஞ்சிய அழுத்தத்தையும் கொண்டுவருகிறது.

ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. இந்த 3 மீட்டர் குழாயைச் சோதித்து, கிடைத்த வெப்பப் பரிமாற்றக் குணகத்தை அப்படியே 6 மீட்டர் குழாய்க்குப் பயன்படுத்துகிறார்கள். கணக்கு 15.5 டிகிரி என்கிறது, உண்மையில் 12.6 டிகிரிதான் குளிர்கிறது. இரண்டாவது பாதியில் படலம் ஏற்கெனவே தடித்திருப்பதால் சராசரி நுசெல்ட் எண் 7.25-ஆக இறங்கிவிடுகிறது. களத்தில் இந்தக் குறை தெரியவந்ததும் உள்ளே படிவு சேர்ந்துவிட்டது என்று குழாயைத் திறப்பார்கள். புதிய குழாயிலேயே முதல் நாள் முதல் குறை இருந்தால், படிவைத் தேடுவதற்கு முன் குணகம் எந்த நீளத்தில் அளக்கப்பட்டது என்று கேளுங்கள்.

சரி, 3.66-ஐ எப்போது பயன்படுத்தலாம்? ‘நுழைவு நீளத்தைவிடக் குழாய் நீளமாக இருந்தால்’ என்ற பதில் எனக்குப் போதவில்லை. அந்த நீளத்தில் வளர்ந்துவிடுவது அந்த இடத்து மதிப்புதான். நுழைவாயிலுக்கு அருகே இருந்த உயர்ந்த மதிப்புகள் சராசரியை இன்னும் தூக்கிப் பிடித்திருக்கும். குழாய் சரியாக நுழைவு நீளத்துக்குச் சமமாக இருக்கும்போது ஹாவுசன் சூத்திரம் 4.69 தருகிறது, அதாவது 28 சதவீதம் கூடுதல். இந்தக் கூடுதல் 10 சதவீதத்துக்குள் வர நுழைவு நீளத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல் வேண்டும். 5 சதவீதத்துக்கு ஏறக்குறைய ஏழு மடங்கு. அவ்வளவு தூரம் போவதற்குள் எண்ணெய் சுவரின் வெப்பநிலையை நெருங்கிவிடும்; மூன்று மடங்கிலேயே மிஞ்சியிருப்பது தொடக்க வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே எண்ணெய்க் குழாயில் 3.66 சரியாகப் பொருந்தும் இடத்தில் அதனால் பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை.

சுவரில் சீரான மின்சூடு கொடுக்கும் குழாயில் கதை வேறு. அங்கே கவலை கடைசி முனையில் சுவர் எவ்வளவு சூடாகும் என்பது. அதைத் தீர்மானிப்பது அந்த இடத்து நுசெல்ட் எண். அதன் வளர்ந்த மதிப்பு 4.36, நுழைவு நீளத்தைத் தாண்டியதும் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். குழாய் அதைவிடக் குட்டையாக இருந்து அதே மதிப்பை வைத்தால், சுவர் உண்மையில் இருப்பதைவிடச் சூடாகக் கணக்கில் தெரியும். சராசரி மதிப்பை வைத்தாலோ உண்மையைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். எண்ணெய் சுவரில் கருகுவது அங்கேதான்.

இந்தச் சூத்திரங்கள் திரவத்தின் பண்புகள் மாறாதவை என்று கொள்கின்றன. குளிர்விக்கும்போது சுவரோரத்து எண்ணெய் கெட்டிப்பட்டு மெதுவாக நகர்வதால் உண்மை மதிப்பு இன்னும் சற்று இறங்கும். பாகுநிலைத் திருத்தம் சேர்க்க வேண்டும். குழாய் வளைந்து திரும்பும் இடங்களில் திரவம் ஓரளவு கலந்து படலம் புதிதாகத் தொடங்கும். அதனால் பல சுற்றுக் குழாயின் மொத்த நீளத்தைக் கூட்டி ஒரே கிரேட்ஸ் எண்ணில் போடாதீர்கள். ஒவ்வொரு நேர்ப்பகுதியையும் தனியாகக் கணக்கிட்டால் கிடைப்பது மேல் எல்லை, மொத்த நீளத்துக்குக் கணக்கிட்டால் கிடைப்பது கீழ் எல்லை. நான் கீழ் எல்லையை வைத்தே குழாயின் நீளத்தை முடிவு செய்கிறேன்.