"கிடைக்கவில்லை" வேறு, "இல்லை" வேறு

இந்த வருடமும் பாளையங்கோட்டையில் வைவா எடுக்கப் போன இடத்தில் அதே புராஜெக்ட். எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டைக் கொடுத்தாலும் முழு எண் தீர்வு உண்டா, இல்லையா என்று சொல்லிவிடுமாம். மைனஸ் எண்களும் சேர்த்துத்தான். நான் x³ + y³ + z³ = 33 கொடுத்தேன். ஆயிரம் வரை தேடிவிட்டு "தீர்வு இல்லை" என்று காட்டியது.

தீர்வு உண்டு. 2019இல் ஆண்ட்ரூ புக்கர் கண்டுபிடித்தார்: 8866128975287528, −8778405442862239, −2736111468807040.

"லூப்பைக் கூட்டிருதேன் சார்" என்றான் பையன். எவ்வளவு கூட்டுவாய்? தீர்வு இருந்தால் தேடல் என்றாவது அதைத் தொடும். இல்லாவிட்டால் தேடல் முடியவே முடியாது. சமன்பாட்டைப் பார்த்தே "இதற்கு மேல் தேட வேண்டாம்" என்று ஓர் எல்லையைக் கணக்கிட முடிந்தால் பிரச்சினை தீர்ந்தது. எல்லாச் சமன்பாடுகளுக்கும் பொருந்தும்படி அப்படி ஓர் எல்லையைக் கணக்கிடும் வழி கிடையாது.

எல்லாச் சமன்பாடுகளுக்கும் பதில் சொல்லும் வழி வேண்டும் என்பதுதான் கணிதவியலாளர் ஹில்பர்ட் 1900இல் கேட்ட பத்தாவது கேள்வி. டேவிஸ், புட்னம், ஜூலியா ராபின்சன் போட்ட பாதையில் போய் 1970இல் மதியசேவிச் "அப்படி ஒரு வழி இல்லை" என்று முடித்து வைத்தார். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அதற்கென ஒரு சமன்பாட்டை எழுதிவிடலாம். புரோகிராம் ஓடி நின்றால் மட்டுமே அந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு இருக்கும். ஆக, உங்கள் புராஜெக்ட் உண்மையிலேயே வேலை செய்தால், எந்தப் புரோகிராம் நிற்கும், எது நிற்காது என்பதையும் அது சொல்லிவிடும். அது முடியாதென்று டூரிங் 1936இலேயே நிறுவிவிட்டார். 

வைவாவில் கூட இருந்த ஆசிரியர் ஒருவர், "அப்போ 33க்கு எப்படி விடை வந்தது?" என்றார். இதைத்தான் வருடா வருடம் சொல்லிச் சலித்துப் போகிறேன். தீர்மானிக்க முடியாதது தனி ஒரு சமன்பாடு அல்ல. ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் தீர்வு உண்டு அல்லது இல்லை. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லும் ஒரே செய்முறைதான் இருக்க முடியாது. கணினியின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 33க்குப் பதிலாக 4 போட்டால் அரை நிமிடத்தில் "இல்லை" என்று நிரூபிக்கலாம்: எந்தக் கனத்தையும் 9ஆல் வகுத்தால் மீதி 0, 1, 8 மட்டுமே, மூன்று கனங்களைக் கூட்டினால் மீதி 4 வரவே வராது. 114 போட்டால் விடை இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பிள்ளைகளே, "தீர்வு இல்லை" என்று அச்சிடாதீர்கள். "ஆயிரம் வரை கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். முதலில் மீதியைப் பாருங்கள். ஒரே மாறிதான் என்றால் மாறிலி உறுப்பின் வகுஎண்களை மைனஸிலும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால் போதும். மாறிலி பூச்சியமென்றால் 0-வே தீர்வு. ஒருபடிச் சமன்பாடு என்றால் மாறிகளின் கெழுக்களுடைய மீப்பெரு பொது வகுத்தி மாறிலியை வகுக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு வகைக்கும் "இல்லை" என்று தைரியமாகச் சொல்லலாம். வழிகாட்டும் ஆசிரியர்களே, தலைப்பிலிருந்து "எந்தச் சமன்பாட்டுக்கும்" என்பதை மட்டும் தயவுசெய்து அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.