ஒரே தாளில் இரத்த வாயு அறிக்கை: அனயான் கேப்பை எங்கே எழுதுவது?

தேர்வுக்கு முந்தைய இரவில் எழுதிய குறிப்புகளைச் சில ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்தேன். அமில-கார நிலைக் கோளாறுகள் மட்டும் ஏழெட்டுத் துண்டுத் தாள்களில் சிதறிக் கிடந்தன. எழுதியவற்றில் பெரிய பிழை எதுவும் இல்லை. ஆனால் அவை எழுதப்பட்டிருந்த இடம் தவறாக இருந்தது என்பதைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொண்டுவந்த அறிக்கைதான் எனக்குக் காட்டியது.

நீரிழிவு உள்ள ஓர் இளைஞர் மூன்று நாள் விடாத வாந்தியுடன் வந்திருந்தார். தமனி இரத்தத்தில் pH 7.39, கரியமில வாயு அழுத்தம் 39, பைகார்பனேட் 23. "சார், ஏபிஜி நார்மல், வெறும் இரைப்பை அழற்சியாகத்தான் இருக்கும்" என்றார் பயிற்சி மருத்துவர். அந்த மூன்று எண்களை மட்டும் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். சோடியம் 140, குளோரைடு 89 என்ற இரண்டு எண்கள் வேறொரு தாளில் இருந்தன.

```
அனயான் கேப் = Na − (Cl + HCO3)
            = 140 − (89 + 23) = 28
```

வழக்கமான அளவு 12 என்று கொண்டால் இங்கே 16 கூடுதலாக உள்ளது. அளவிடப்படாத அமிலம் ஒன்று இரத்தத்தில் சேர்ந்திருக்கிறது என்பதே இதன் பொருள். சோதித்தபோது கீட்டோன் மிகுதியாக இருந்தது. அப்படியானால் பைகார்பனேட் ஏன் குறையவில்லை? அமிலம் ஏறத்தாழ 16 அளவுக்கு அதைக் குறைத்திருக்கும் என்று வைத்து, 23 உடன் 16ஐக் கூட்டினால் 39 வருகிறது. கீட்டோன் சேர்வதற்கு முன் அவர் 39 அளவில் இருந்திருப்பார் என்று பொருள். வாந்தியில் இரைப்பை அமிலம் வெளியேறியதால் உண்டான வளர்சிதைமாற்றக் காரமிகை அது. அமிலமிகையும் காரமிகையும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டதால் pH மட்டும் சமநிலையில் நின்றது. பொட்டாசியமும் 3.1 ஆக இருந்ததால், இன்சுலின் கொடுப்பதற்கு முன் அதை ஈடுசெய்ய வேண்டியிருந்தது.

என் பழைய குறிப்பில் அனயான் கேப் "வளர்சிதைமாற்ற அமிலமிகை" என்ற தலைப்பின் கீழ் இருந்தது. pH குறைந்தால்தான் அந்தத் தலைப்புக்கே போவோம் என்பதால், இந்த நோயாளியின் கணக்கை அந்தக் குறிப்பை வைத்துப் படித்திருந்தால் நானும் தவறியிருப்பேன். ஆகவே புதிய தாளில் அனயான் கேப்பைக் கிளையிலிருந்து எடுத்து, எல்லா அறிக்கைக்கும் கட்டாயமான படியாக வைத்தேன்.

தாளின் வரிசை இப்போது இப்படிப் போகிறது. முதலில் pH 7.35க்குக் கீழா, 7.45க்கு மேலா என்று பார்க்கிறோம். அடுத்து, அந்தத் திசைக்குக் காரணம் பைகார்பனேட்டா, கரியமில வாயுவா என்று பார்க்கிறோம். மூன்றாவதாக, உடலின் ஈடுசெய்தல் எதிர்பார்த்த அளவில் உள்ளதா என்று சரிபார்க்கிறோம். வளர்சிதைமாற்ற அமிலமிகைக்கு வின்டர் சூத்திரம் ஒன்றே போதும்:

```
எதிர்பார்க்கும் pCO2 = 1.5 × HCO3 + 8 (± 2)
```

பைகார்பனேட் 12 என்றால் 24 முதல் 28 வரை எதிர்பார்க்கலாம். 38 இருந்தால், அது வழக்கமான எல்லைக்குள் இருந்தாலும், மூச்சு போதவில்லை என்றே கொள்ள வேண்டும். நான்காவது, pH என்னவாக இருந்தாலும் அனயான் கேப். அது கூடியிருந்தால் மட்டும் ஐந்தாவதாக, கூடிய அளவைப் பைகார்பனேட்டுடன் கூட்டிப் பார்க்கிறோம். விடை 24க்கு மிக மேலே போனால் காரமிகையோ நாட்பட்ட மூச்சுவழி அமிலமிகைக்கான ஈடுசெய்தலோ மறைந்திருக்கிறது, மிகக் கீழே நின்றால் கேப் கூடாத இன்னொரு அமிலமிகை உடன் இருக்கிறது.

அனயான் கேப் படியின் ஓரத்தில் இரண்டு எச்சரிக்கைகளைச் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அல்புமின் 4 கிராமிலிருந்து ஒவ்வொரு கிராம் குறையும்போதும் கேப்புடன் 2.5 சேர்க்க வேண்டும். அல்புமின் 2 உள்ள நோயாளியிடம் 11 என்ற "நல்ல" கேப் உண்மையில் 16. சர்க்கரை மிகுந்திருந்தாலும் அளந்த சோடியத்தையே போட வேண்டும். திருத்திய சோடியத்தைப் போடுவது நான் அடிக்கடி காணும் பிழை. பன்னிரண்டு என்பதும் எல்லா ஆய்வகத்துக்கும் பொருந்தாது. சில இயந்திரங்களில் வழக்கமான அளவு இதைவிடக் குறைவு என்பதால் அவரவர் ஆய்வக எல்லையை அந்த இடத்தில் எழுதிக்கொள்ளலாம்.

தாளின் அடியில் இருப்பது மாதிரியைப் பற்றிய வரி. வாயு இயந்திரம் பைகார்பனேட்டை அளப்பதில்லை. pH, கரியமில வாயு இரண்டிலிருந்தும் கணக்கிடுகிறது. ஆகவே அந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது எழுத்துப் பிழையை மட்டுமே காட்டிக்கொடுக்கும். ஊசியில் திரவ ஹெப்பாரின் மிகுதியாகத் தங்கி மாதிரி நீர்த்துப்போனால் கரியமில வாயுவும் பைகார்பனேட்டும் சேர்ந்தே குறையும், கணக்கோ பொருந்தியே நிற்கும். அதைக் கண்டுபிடிக்க, அதே நேரத்தில் சிரை இரத்தத்தில் ஆய்வகம் அளந்த மொத்த கரியமில வாயு அளவை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வெகுவாக விலகினால் மறுபடி இரத்தம் எடுப்பேன்.