கோல் விழுந்த பிறகு கொடி ஏறுவது ஏன்?

பந்து வலைக்குள் போய்விட்டது, அடித்தவர் மூலைக்கொடி வரை ஓடிக் கொண்டாடியும் ஆகிவிட்டது. அப்புறம் எப்படி ‘கோல் இல்லை’ என்கிறார்கள்? முதன்முதலாகக் கால்பந்து பார்க்க உட்காருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. பக்கத்தில் இருப்பவர் ‘ஆஃப்சைடு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார், விளக்கமாட்டார்.

விதி இருக்கும் காரணம் எளிது. அது இல்லாவிட்டால் ஒரு ஆள் எதிரணி கோல் கம்பத்தடியிலேயே நின்றுகொள்வார். மற்றவர்கள் பந்தைத் தூக்கித் தூக்கி அவரிடம் அடிப்பார்கள். நடு மைதானத்தில் ஆட்டமே இருக்காது.

அதைத் தடுக்க வைத்த கணக்கு இதுதான். உங்கள் அணிக்காரர் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில் நீங்கள் எதிரணியின் பாதியில் நிற்கிறீர்கள்; பந்தைவிடவும் கோல் கோட்டுக்கு நெருக்கமாக இருக்கிறீர்கள்; கோல் கோட்டிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் எதிரணி ஆளைவிடவும் நெருக்கமாக இருக்கிறீர்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் ஆஃப்சைடு நிலை. அவருக்கு நேராக இருந்தால் தப்பில்லை. தலை, உடம்பு, கால் மட்டும்தான் கணக்கு, கைகளைச் சேர்ப்பதில்லை. கை எங்கே தொடங்குகிறது என்றால், அக்குளின் அடிமட்டத்திலிருந்து.

பலர் இடறுவது ‘இரண்டாவது ஆள்’ என்ற இடத்தில்தான். சாதாரணமாக கோல்கீப்பர் கடைசியில் நிற்பார், அவர் முதல் ஆள். அடுத்து வரும் டிஃபெண்டர் இரண்டாவது. அதனால் ‘கடைசி டிஃபெண்டரைத் தாண்டினால் ஆஃப்சைடு’ என்றே எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். பத்துக்கு ஒன்பது முறை அது சரியாக வரும். பத்தாவது முறைதான் வம்பு.

அந்தப் பத்தாவது முறை 2022 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே வந்தது. நவம்பர் 20, அல் பைத் மைதானம், கத்தாரும் ஈக்வடாரும். 3-வது நிமிடத்தில் ஈக்வடாருக்கு ஒரு ஃப்ரீ கிக். பந்து கோல் முன்னால் உயரமாக வருகிறது. கத்தார் கோல்கீப்பர் சாத் அல் ஷீப் கோட்டை விட்டு வெளியே வந்து எகிறுகிறார், ஈக்வடாரின் ஃபெலிக்ஸ் டோரஸும் எகிறுகிறார். பந்து டோரஸ் தலையில் பட்டு மைக்கேல் எஸ்ட்ராடாவிடம் போகிறது. எஸ்ட்ராடா அதைத் தலையால் திருப்பித் தர, டோரஸ் காற்றில் உதைத்துவிட, என்னர் வலென்சியா தலையால் முட்டி உள்ளே தள்ளுகிறார். கொண்டாட்டம் முடிந்து, வீடியோ பரிசோதனையும் முடிந்து, கோல் ரத்து.

டி.வி. பார்த்தவர்கள் குழம்பிப்போனார்கள். எஸ்ட்ராடாவைவிடக் கோலுக்கு நெருக்கமாக ஒரு கத்தார் டிஃபெண்டர் நிற்பது படத்தில் தெரிந்ததே! போட்டியை நடத்தும் நாட்டுக்குச் சாதகமான சதி என்றுகூட வலைதளங்களில் பேச்சு கிளம்பியது. சதியெல்லாம் இல்லை, எண்ணிப் பார்த்தால் போதும். கோல்கீப்பர் முன்னால் வந்துவிட்டதால், அந்த டிஃபெண்டர்தான் இப்போது முதல் ஆள். இரண்டாவது ஆளின் கோட்டை எஸ்ட்ராடாவின் கால் தாண்டியிருந்தது. விதிப் புத்தகத்தில் அந்த இடத்தில் கோல்கீப்பர் என்ற சொல்லே கிடையாது. ‘கடைசிக்கு முந்தைய எதிராளி’ என்றுதான் இருக்கிறது. கோலடித்த வலென்சியா மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதையும் கவனியுங்கள். இரண்டு தொடுதல்களுக்கு முன்னால் நடந்த பிழைதான் கோலைச் சாப்பிட்டது. (வலென்சியா சோர்ந்துவிடவில்லை, அதே ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டு 2–0 என ஜெயிக்க வைத்தார்.)

அடுத்தது ‘அந்தக் கணம்’. விதியின் அழகே இதில்தான் இருக்கிறது. பாஸ் வாங்கும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை. பாஸ் கிளம்பும்போது எங்கே இருந்தீர்கள் என்பதுதான் கேள்வி. ஃபார்வர்டு வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் கோலை நோக்கி ஓடுகிறார். அவரை மாட்டிவிட டிஃபெண்டர்கள் வரிசையாக வினாடிக்கு 3 மீட்டர் எதிர்த்திசையில் ஏறுகிறார்கள். இருவருக்கும் இடையே வினாடிக்கு 10 மீட்டர். ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் நேராக இருந்தவர் ஒரு மீட்டர் தாண்டிவிடுவார். பந்து அவரிடம் வந்து சேர ஒன்றிரண்டு வினாடி ஆகும். அதற்குள் அவர் பல மீட்டர் முன்னால் போயிருப்பார், உங்கள் கண்ணுக்கு அது அப்பட்டமான ஆஃப்சைடு போலத் தெரியும்.

பக்கக் கோட்டில் கொடியோடு நிற்கும் லைன்ஸ்மேன் பாடு இன்னும் மோசம். உதைப்பவர் ஒரு பக்கம், டிஃபெண்டர் வரிசை இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. உதைக்கும் சத்தத்தை வைத்து முடிவு செய்யலாமா? 34 மீட்டர் தூரத்திலிருந்து சத்தம் வந்து சேரவே ஏறக்குறைய 0.1 வினாடி ஆகும். அதாவது அதே ஒரு மீட்டர்.

அவர் நிற்கும் இடமும் ஏமாற்றும். டிஃபெண்டர் கோட்டிலிருந்து கோல் பக்கமாக ஒரே ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறார், டிஃபெண்டர் 20 மீட்டர் உள்ளே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கோடு சாய்ந்துவிடும். டிஃபெண்டருக்கு அப்பால், 40 மீட்டரில் அவருக்கு நேராக ஓடும் ஃபார்வர்டு ஒரு மீட்டர் முன்னால் இருப்பதுபோலத் தெரிவார். தப்பான கொடி ஏறும். டிஃபெண்டருக்கு இப்பால், 10 மீட்டரில் ஓடுபவர் அரை மீட்டர் தாண்டியிருந்தாலும் நேராகத்தான் தெரிவார், கொடி ஏறாது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000-இல் ‘நேச்சர்’ இதழில் லைன்ஸ்மேன்களின் பிழைகளை இந்தக் கோணத்தை வைத்தே விளக்கினார்கள். ‘லைன்ஸ்மேன் விலைபோய்விட்டான்’ என்று கத்துவதற்கு முன்னால் அவர் எங்கே நின்றார் என்று பார்ப்பது நியாயம்.

கத்தாரில் இதற்காகவே கூரைக்கடியில் 12 கேமராக்கள் வைத்தார்கள். ஒவ்வொரு வீரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை வினாடிக்கு 50 முறை அவை குறித்தன. பந்துக்குள் இருந்த உணரி வினாடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. நம் கணக்கில் போட்டுப் பாருங்கள்: வினாடிக்கு 50 படம் என்றால் இரண்டு படங்களுக்கு நடுவே 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், 500 என்றால் 2 சென்டிமீட்டர்தான். உதைத்த கணம் துல்லியமாகக் கிடைத்தாலும், வீரரின் கால் நுனி அப்போது எங்கே இருந்தது என்பதை இரண்டு படங்களுக்கு நடுவில் கணித்துத்தான் சொல்ல வேண்டும். கட்டை விரல் அளவுக்கு ஆஃப்சைடு என்று கோடு போட்டுக் காட்டும்போது, அந்தக் கோட்டின் கூர்மையை நான் முழுசாக நம்புவதில்லை. மீட்டர் கணக்கில் நடந்த பழைய பிழைகள் போய்விட்டன, அது உண்மை.

ஆட்டம் பார்க்கும்போது இன்னும் சில விஷயங்கள். ஆஃப்சைடு நிலையில் சும்மா நிற்பது குற்றமில்லை. பந்தைத் தொட்டாலோ, கோல்கீப்பரின் பார்வையை மறைத்தாலோ, எதிராளியை ஆட விடாமல் செய்தாலோதான் விசில். த்ரோ-இன், கார்னர், கோல் கிக் மூன்றிலிருந்தும் நேரடியாகப் பந்து வாங்கினால் ஆஃப்சைடே கிடையாது. வீடியோ பரிசோதனை உள்ள ஆட்டங்களில், கோல் விழ வாய்ப்புள்ள நெருக்கமான கட்டத்தில் லைன்ஸ்மேன் வேண்டுமென்றே கொடியைத் தாமதிப்பார். முன்னாலேயே தூக்கி அது தப்பாகிவிட்டால், நின்றுபோன ஆட்டத்தைத் திருப்பித் தர முடியாதே. கோல் விழுந்த பிறகு கொடி ஏறுவது அதனால்தான். நடுவர் விசில் ஊதியதும் கொடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்: மேல்நோக்கிச் சாய்ந்தால் ஆஃப்சைடில் இருந்தவர் மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கிறார், கிடையாக நீட்டினால் நடுவில், கீழ்நோக்கிச் சாய்ந்தால் லைன்ஸ்மேனுக்குப் பக்கத்திலேயே.