அறிமுகக் குறிப்பில் திறன்களை அடுக்கும்போது வாக்கியம் எங்கே உடைகிறது?

கருத்தரங்கு மலர், பயிற்சி வகுப்புக் கையேடு, நிறுவனங்களின் இணையதளம் என்று பல இடங்களுக்கு வரும் அறிமுகக் குறிப்புகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலையில் ஒரு பெரிய பகுதி. பெயர், ஊர், படிப்பு, வேலை பார்த்த இடம் வரைக்கும் பெரும்பாலும் யாரும் தடுமாறுவதில்லை. 'இவருக்கு இன்னின்ன வேலை தெரியும்' என்று அடுக்கும் அந்த ஒரே ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. எழுதியவர் நன்றாகப் படித்தவராக இருப்பார், மற்ற பத்திகளெல்லாம் சரளமாக இருக்கும், இந்த வாக்கியம் மட்டும் முடிவுக்கு வரும்போது கால் இடறும்.

ஆள் யாரென்று தெரியாதபடி மாற்றி, அமைப்பை மட்டும் அப்படியே வைத்து ஒன்றைத் தருகிறேன்:

"திருப்பூர் பின்னலாடைத் துறையில் 14 ஆண்டுகள் அனுபவம் கொண்ட இவர், பேட்டர்ன் போடுதல், சாம்பிள் தயாரிப்பு, காஸ்டிங் மற்றும் வெளிநாட்டு பையர்களிடம் நன்றாகப் பேசக்கூடியவர்."

இதில் காஸ்டிங் என்பது ஆடைக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவது, பையர் என்பவர் ஆர்டர் கொடுத்து வாங்குபவர். வேகமாகப் படித்தால் புரிந்த மாதிரியே இருக்கும். சரி, இப்போது பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, வாக்கியத்தின் கடைசிச் சொல்லோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். 'வெளிநாட்டு பையர்களிடம் நன்றாகப் பேசக்கூடியவர்' பொருந்துகிறது. 'காஸ்டிங் நன்றாகப் பேசக்கூடியவர்'? 'பேட்டர்ன் போடுதல் நன்றாகப் பேசக்கூடியவர்'? இரண்டும் வாக்கியமே இல்லை. நான்கு திறன்களில் மூன்றுக்கு முடிவே கிடைக்கவில்லை, நான்காவது வந்து பயனிலையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டது. நான் எந்தக் குறிப்பைத் திருத்த எடுத்தாலும் முதலில் செய்யும் சோதனை இதுதான், பெரும்பாலும் இது ஒன்றே போதும்.

தமிழில் இந்தத் தவறு சுலபமாக நடப்பதற்குக் காரணம் நம் வாக்கியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பயனிலை கடைசியில்தான் வரும். 'தேர்ந்தவர்' என்றோ 'அனுபவம் உள்ளவர்' என்றோ முடியும் வரை, படிப்பவர் பட்டியலில் உள்ள அத்தனையையும் கையில் பிடித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். எழுதுபவரும் அப்படித்தான், மூன்றாவது திறனுக்கு வருவதற்குள் எப்படித் தொடங்கினோம் என்பது மறந்துபோய், கடைசித் திறனுக்கு எது வாயில் வருகிறதோ அதை வைத்து முடித்துவிடுகிறார்.

அடுத்தது உருபு. 'தேர்ந்தவர்' என்று முடித்தால் முன்னால் 'இல்' வேண்டும்: தையலில் தேர்ந்தவர். 'அறிந்தவர்' என்றால் 'ஐ' வேண்டும்: தையலை அறிந்தவர். 'பேசக்கூடியவர்' என்றால் ஆளைச் சொல்ல 'இடம்' வேண்டும். ஒரே பயனிலையின் கீழ் எல்லாவற்றையும் அடுக்குவதென்றால், எல்லாமே அந்தப் பயனிலை கேட்கிற ஒரே உருபுக்கு ஒத்துவர வேண்டும். இதைத்தான் நான் ஒத்த அமைப்பு என்கிறேன்.

உருபு மட்டும் ஒத்துவந்தால் போதாது, சொல்லின் வடிவமும் ஒத்துவர வேண்டும். மேலே உள்ள வாக்கியத்தில் 'போடுதல்' ஒரு தொழிற்பெயர், 'தயாரிப்பு' வேறு வகைத் தொழிற்பெயர், 'காஸ்டிங்' வெறும் பெயர், நான்காவது ஒரு முழு வினைத்தொடர். நான்கும் நான்கு வடிவம். படிப்பவர் இலக்கணம் பார்த்துப் படிப்பதில்லைதான், ஆனால் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் அப்புறம் அடுத்தது எந்த வடிவத்தில் வரும் என்று காது எதிர்பார்க்கிறது, அது வராதபோது ஒரு கணம் நிற்கிறது.

பட்டியலைக் கட்டுவதற்குத் தமிழில் தெளிவான இரண்டு வழிகள் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் இதற்கு விதியே சொல்லியிருக்கிறது: பெயர்களை இடைச்சொல் எதுவும் இல்லாமல் வரிசையாக வைத்தால் அது செவ்வெண், அதன் முடிவில் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் ஒரு தொகைச்சொல் வர வேண்டும். 'உம்' போட்டு எண்ணினால் தொகைச்சொல் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. இன்றைய எழுத்தில் முதல் வழி 'தையல், எம்ப்ராய்டரி, ஆரி வேலை ஆகியவற்றில்' என்று வரும், இரண்டாவது 'தையலிலும் எம்ப்ராய்டரியிலும் ஆரி வேலையிலும்' என்று வரும். குழப்பம் எங்கே வருகிறது என்றால், பாதி அதிலும் பாதி இதிலுமாகக் கலக்கும்போது. 'தையல், எம்ப்ராய்டரி மற்றும் ஆரி வேலையிலும் தேர்ந்தவர்' என்று எழுதுகிறார்கள். 'உம்' கடைசியில் மட்டும் ஒட்டிக்கொண்டதால், 'மற்றவை போக ஆரி வேலையும் தெரியும்' என்கிற தொனி வந்துவிடுகிறது, முதல் இரண்டும் அந்தரத்தில் நிற்கின்றன. 'உம்' போடுவதென்றால் எல்லாவற்றுக்கும் போடுங்கள், இல்லையென்றால் ஒன்றுக்கும் வேண்டாம். 'மற்றும்' என்ற சொல்லை நான் பெரும்பாலும் எடுத்துவிடுவேன், இந்த இரண்டு வழிகளில் ஒன்றைச் சரியாகப் பிடித்துவிட்டால் அதற்கு அங்கே வேலை இருப்பதில்லை.

பேச்சில் 'தமிழ், மலையாளம், இந்தியில் நன்றாக எழுதுவார்' என்று உருபைக் கடைசியில் மட்டும் போடுகிறோமே என்று கேட்கலாம். சின்னச் சின்னப் பெயர்களுக்கு அது ஒத்துவரும், காதிலும் இடிக்காது. நீளமான தொடர்கள் வரும்போதுதான் கடைசி உருபு முன்னால் இருப்பவற்றுக்கு எட்டாமல் போகிறது.

திருப்பூர் வாக்கியத்துக்கு வருகிறேன். திருத்துவதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருந்தது: அந்த 14 ஆண்டுகள் எதற்கு? நான்கு வேலைகளையும் அத்தனை காலமாகச் செய்கிறாரா? இல்லை. தொடக்கத்திலிருந்து செய்வது பேட்டர்னும் சாம்பிளும், காஸ்டிங்கும் பையர்களோடு பேசுவதும் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகப் பதவி உயர்ந்த பிறகு வந்தவை, அதாவது கடைசி 5 ஆண்டுகள். ஒத்த அமைப்பில் எழுதுபவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. '14 ஆண்டுகளாக' என்று முன்னால் போட்டுவிட்டு நான்கு திறன்களையும் அழகாக, ஒரே வடிவில் அடுக்கினால், அந்த 14 நான்கின் மேலும் போய் உட்கார்ந்துகொள்ளும். வாக்கியம் எவ்வளவு சீராக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தப் பொருள் உறுதியாகிவிடும். வேலைக்கு எடுப்பவர் 'காஸ்டிங்கில் 14 ஆண்டு அனுபவம்' என்றுதான் படிப்பார், நேர்காணலில் அதைப் பற்றித்தான் கேட்பார். ஆகவே காலம் வேறுபடுகிற திறன்களை ஒரே பட்டியலில் போடக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன்.

காலச் சிக்கலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பட்டியலை மட்டும் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது, எல்லாம் பெயர்: "பேட்டர்ன், சாம்பிள், காஸ்டிங், பையர் தொடர்பு ஆகிய நான்கிலும் தேர்ந்தவர்." சுருக்கமாக இருக்கிறது, இடம் குறைவான மலருக்குப் பொருந்தும். ஆனால் 'பையர் தொடர்பு' என்றால் என்ன என்பது தெளிவில்லை, மின்னஞ்சலுக்குப் பதில் போடுபவரும் அதைத்தான் சொல்லிக்கொள்வார்.

இரண்டாவது, எல்லாம் 'வதிலும்': "பேட்டர்ன் போடுவதிலும் சாம்பிள் எடுப்பதிலும் காஸ்டிங் கணக்கிடுவதிலும் பையர்களிடம் விலை பேசி முடிப்பதிலும் தேர்ந்தவர்." பொருள் முழுமையாக வருகிறது. இரண்டு மூன்று திறன்கள் என்றால் இதைத்தான் எடுப்பேன். நான்காவது 'வதிலும்' வரும்போது வாய்விட்டுப் படித்தால் மூச்சு வாங்குகிறது.

மூன்றாவது, எல்லாம் வினைமுற்று: "பேட்டர்ன் போடுவார், சாம்பிள் எடுப்பார், காஸ்டிங் கணக்கிடுவார், பையர்களிடம் விலை பேசி முடிப்பார்." எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒவ்வொரு திறனும் தன் பயனிலையைத் தானே கொண்டுவந்துவிடுவதால் உருபுச் சண்டையே இல்லை: ஒன்றுக்கு 'இடம்', இன்னொன்றுக்கு 'ஐ' என்று எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளலாம், முடிவுகள் மட்டும் ஒன்றாக இருந்தால் போதும். திறன்கள் ஒரே உருபுக்கு ஒத்துவர மறுக்கும்போது இதுதான் வழி. அரசு சார்ந்த விழா மலர்களில் இந்தத் தொனி கொஞ்சம் சாதாரணமாகத் தெரியலாம், அங்கே முதலாவதற்குப் போய்விடுங்கள்.

காலத்தையும் சேர்த்துக் கடைசியில் நாங்கள் வைத்தது இது:

"திருப்பூர் பின்னலாடைத் துறையில் 14 ஆண்டுகளாகப் பேட்டர்ன் போடுவதிலும் சாம்பிள் எடுப்பதிலும் ஈடுபட்டுவருகிறார். கடந்த 5 ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக இருக்கும் இவர், ஆர்டர்களுக்குக் காஸ்டிங் கணக்கிடுகிறார், வெளிநாட்டு பையர்களிடம் விலை பேசி முடிக்கிறார்."

வாக்கியம் இரண்டாகிவிட்டது, முதலில் இருந்ததைவிட நீளமும் கூடிவிட்டது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளும் இரண்டிரண்டு திறன்கள், ஒரே வடிவம், ஒரே கால அளவு. எங்கேயும் திரும்பிப் போய்ப் படிக்க வேண்டியதில்லை.

அவர் அனுப்பிய முதல் வரைவில் 'பொறுமை', 'எக்செல்', 'கோலம் போடுவதில் ஆர்வம்' என்ற மூன்றும் பட்டியலின் வாலில் இருந்தன. வடிவத்தை எவ்வளவு இழுத்துச் சரிசெய்தாலும் இவை அந்த வரிசையில் உட்காராது, ஏனென்றால் ஒன்று குணம், ஒன்று கருவி, ஒன்று விருப்பம், மற்றவை எல்லாம் செய்கிற வேலை. எக்செல்லை அது பயன்படும் வேலைக்குள்ளேயே வைத்துவிடலாம்: 'எக்செல்லில் காஸ்டிங் கணக்கிடுகிறார்'. கோலத்துக்குக் கடைசியில் தனியாக ஒரு குட்டி வாக்கியம் கொடுக்கலாம், அங்கே அது அழகாகவே இருக்கும். பொறுமையை எடுத்துவிடச் சொன்னேன், தன் குறிப்பில் தன்னைப் பொறுமைசாலி என்று எழுதுவதால் யாரும் நம்பப்போவதில்லை.

இன்னொன்று, சரியாக எழுதிய குறிப்புகூட இரண்டு வருஷத்தில் மறுபடி கெட்டுப்போவதைப் பார்க்கிறேன். புதிதாக ஒரு வேலை கற்றுக்கொண்டதும், பழைய வாக்கியத்தின் முடிவில் ஒரு 'மேலும்' போட்டு அதை ஒட்டவைத்துவிடுகிறார்கள். நம் அவர் இனி தரக் கட்டுப்பாடும் கற்றுக்கொண்டால், 'விலை பேசி முடிக்கிறார்' என்பதற்குப் பின்னால் 'மேலும் தரக் கட்டுப்பாடு' என்று சேர்க்கக் கூடாது. இரண்டாவது வாக்கியத்தைத் திறந்து, அதே காலம் அதற்கும் பொருந்துமா என்று பார்த்து, பொருந்தினால் நடுவில் 'தரத்தைச் சரிபார்க்கிறார்' என்று வினைமுற்றாகவே நுழைக்க வேண்டும், பொருந்தாவிட்டால் 'கடந்த ஆண்டு முதல்' என்று தொடங்கி மூன்றாவதாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும்.