எந்த நாளில் ரத்தம் கொடுத்தீர்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கிளினிக் நடத்துகிறேன். சுற்றியிருந்த தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, பிள்ளைகள் பாதிப்பேர் தொழிற்சாலைக்குப் போகிறார்கள், ஆனால் கல்யாணமாகி ரெண்டு வருஷத்தில் குழந்தை இல்லையென்றால் மருமகளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வந்து நிற்பது மட்டும் மாறவில்லை. இப்போதெல்லாம் கையில் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளும் இருக்கும்.

அப்படி ஒரு பெண் வந்தார். வயது 31. தாளில் ரெண்டு ஹார்மோன்கள், எஃப்எஸ்எச் 17.2, புரோலாக்டின் 810. ரெண்டுக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி. "முட்டை தீர்ந்துபோச்சு, சீக்கிரமே மாதவிடாய் நின்னுடும்னு சொல்லிட்டாங்க டாக்டர்" என்றார். சொன்னவர் யார் என்று நான் கேட்கவில்லை. "எந்த நாளில் ரத்தம் எடுத்தாங்க?" என்றுதான் கேட்டேன். "சனிக்கிழமை" என்றார்.

சனிக்கிழமை சரி, மாதவிடாய் வந்து எத்தனையாவது நாள்? அது தாளில் இல்லை. எடுத்த இடத்தில் யாரும் கேட்கவும் இல்லை. ஒரு தள்ளுபடி பேக்கேஜ், பேரைப் பதிந்தார்கள், ஊசி போட்டு எடுத்தார்கள், முடிந்தது.

எஃப்எஸ்எச் என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைக்குக் கொடுக்கும் குரல். நம் தாத்தா காலத்தில் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எடுத்த பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் சுறுசுறுப்பாக வந்து நின்றால் கங்காணி மெதுவாகப் பேர் கூப்பிட்டால் போதும், வராவிட்டால் தொண்டை கிழியக் கத்துவார். சினைப்பையில் முட்டைகள் குறைந்துபோனால் பிட்யூட்டரியும் அப்படித்தான் கத்தும், எஃப்எஸ்எச் ஏறும். இந்தக் குரலை அளக்க ஏற்ற நேரம் பெரட்டு நேரம், அதாவது மாதவிடாயின் 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள். அப்போது புது முட்டை எதுவும் இன்னும் பெரிதாக வளர்ந்திருக்காது. பொதுவாக 10க்குக் கீழே இருந்தால் நல்லது.

சிக்கல் என்னவென்றால், இதே எஃப்எஸ்எச் முட்டை வெடிக்கும் சமயத்திலும் ஒருநாள் உயரும். அது நல்ல செய்தி. ஆனால் தாளில் ரெண்டும் ஒரே மாதிரி எண்ணாகத்தான் தெரியும். கூடவே முட்டையை வெடிக்க வைக்கும் ஹார்மோனான எல்எச், சினைப்பை சுரக்கும் எஸ்ட்ரடயால் ரெண்டையும் பார்த்திருந்தால் பிரித்துச் சொல்லிவிடலாம். முட்டை வெடிக்கும்போது எல்எச் எஃப்எஸ்எச்சைத் தாண்டி எகிறியிருக்கும், எஸ்ட்ரடயாலும் உயரத்தில் இருக்கும். சினைப்பை ஓய்ந்துபோனால் எஃப்எஸ்எச் மட்டும் ஏறி எஸ்ட்ரடயால் பெரும்பாலும் கீழே கிடக்கும். அந்தப் பேக்கேஜில் இவை இல்லை.

அதனால் வேறு வழியில் பார்த்தோம். வீட்டுச் சமையலறையில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் அந்தப் பெண் மாதவிடாய் வந்த நாளைச் சின்னதாக ஒரு புள்ளி வைப்பாராம். போனில் தங்கையிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். மார்ச் 3 ஒரு புள்ளி. மார்ச் 31 அடுத்த புள்ளி. ரத்தம் எடுத்தது மார்ச் 16. எண்ணிப் பாருங்கள், 14ஆவது நாள், அதற்கு 15 நாள் கழித்து அடுத்த மாதவிடாய். முட்டை வெடிப்பதற்குச் சற்று முன்னால் போய்க் கை நீட்டியிருக்கிறார்!

அன்று ஏப்ரல் 1. மறுநாள் காலை மறுபடி எடுக்கலாம் என்றேன். அப்போதுதான் மாமியார் வாய் திறந்தார். "நாளைக்குத்தானே தலைக்கு ஊத்துவா, அதுக்கப்புறம்தானே நாள் கணக்கு?" இந்தக் கணக்கை நான் நிறைய வீடுகளில் கேட்கிறேன். தலைக்குக் குளிக்கும் நாளிலிருந்து எண்ணினால் ரெண்டு மூன்று நாள் தள்ளிப்போகும், 3ஆம் நாள் என்று நினைத்து வருகிறவர் உண்மையில் 5ஆம் நாளிலோ அதையும் தாண்டியோ வந்திருப்பார். ரத்தப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாள்தான் 1ஆம் நாள். அதற்கு முன் பழுப்பாகப் படும் கறையை எண்ண வேண்டாம். இவருக்கு 29, 30 தேதிகளில் கறை, 31இல் போக்கு, ஆக ஏப்ரல் 2 என்பது 3ஆம் நாள். (2ஆம் நாள் வரச் சொன்னதைத் தேதி 2 என்று புரிந்துகொண்டு வந்தவர்களும் உண்டு, தப்பு என்னுடையதுதான், இப்போது தேதியையே எழுதிக் கொடுக்கிறேன்.)

இனி புரோலாக்டின், தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். இதற்கு மாதவிடாய் நாள் அவ்வளவு முக்கியம் இல்லை, எஃப்எஸ்எச்சோடு சேர்த்து எடுத்துவிடலாம். இதற்குப் பார்க்க வேண்டியது கடிகாரம். தூக்கத்தில் புரோலாக்டின் ஏறும், விழித்தபின் மெல்ல இறங்கும். எழுந்து ரெண்டு மூன்று மணி நேரமாவது போகட்டும். இவர் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். வேலை முடிந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் அசந்து தூங்கி, இறங்கின கையோடு ரத்தம் கொடுத்திருக்கிறார். போதாததற்கு, வயிறு உப்புசம் என்று ஒரு வாரமாக டொம்பெரிடோன் மாத்திரை வேறு. அது புரோலாக்டினைத் தூக்கிவிடும் மருந்து. கையில் இருந்த பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் காட்டியதில்தான் எனக்கே அது தெரிந்தது. நல்லவேளை, மாத்திரை தீர்ந்து ரெண்டு வாரம் ஆகியிருந்தது. மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளும் இப்படிச் செய்யும், ஆனால் அவற்றைப் பரிசோதனைக்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள். முடி வளர என்று விற்கும் பயோட்டின் மாத்திரை வேறு வகைத் தொல்லை. ஹார்மோனை மாற்றாது, சில கருவிகள் அளக்கும் முறையையே குழப்பி எண்ணைத் தப்பாகக் காட்ட வைக்கும். சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், குறைந்தது ரெண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம்.

இரவு ஷிப்ட் இல்லாத நாளுக்குப் பிறகு, காலை 10 மணிக்கு வெறும் வயிற்றோடு வந்தார். கால் மணி நேரம் சும்மா உட்காரவைத்து எடுத்தோம். எஃப்எஸ்எச் 6.4, எல்எச் 5.1, எஸ்ட்ரடயால் 140, புரோலாக்டின் 290. அந்த ஆய்வகத்தின் தாளில் புரோலாக்டின் மேல் எல்லை 500 பக்கம். எஸ்ட்ரடயாலை ஏன் கூடவே கேட்டேன் என்றால், அது 3ஆம் நாளிலேயே 300ஐத் தாண்டி இருந்தால் எஃப்எஸ்எச்சை அமுக்கிப் பொய்யாக நல்ல எண்ணைக் காட்டும். 6.4ஐ நம்பலாம் என்று சொன்னது அந்த 140தான்.

ரெண்டாவது முறையும் புரோலாக்டின் 800இலேயே நின்றிருந்தால் கதை வேறு. கர்ப்பம் இல்லையென்று உறுதி செய்து, தைராய்டு பார்த்து, உடம்பில் வேலை செய்யாத பெரிய மூலக்கூறு வகைப் புரோலாக்டின்தானா என்று ஆய்வகத்தைக் கேட்டு, அப்புறம்தான் தலை ஸ்கேன் பேச்சு. எஃப்எஸ்எச்சும் சரியான நாளில் எடுத்து 25க்கு மேல் வந்தால், நாலு வாரம் விட்டு இன்னொரு முறை பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த எண்கள் எதுவும் பொருந்தாது.

தாளைப் பார்த்த மாமியார், "அப்போ இவளுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார், கொஞ்சம் ஏமாற்றம் மாதிரிகூட இருந்தது. இந்த ரெண்டிலும் இல்லை, இன்னும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன, முதலில் உங்கள் மகனை விந்துப் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்கள் என்றேன். அதற்கு நாள்காட்டிப் புள்ளியெல்லாம் வேண்டாம், ரெண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை விலகி இருந்துவிட்டு வந்தால் போதும். மூன்று மாதம் ஆகிறது, அவர் இன்னும் வரவில்லை.