பத்து ஏ ஒன்பதானால்

சுங்கை சிப்புட்டில் செம்பனை லோரி ஓட்டும் அண்ணன் ஒருவருக்கு 42 வயதில் பெருங்குடல் புற்றுநோய். தோட்டத்தில் அடித்த களைக்கொல்லிதான் காரணம் என்று லயத்தில் பேச்சு. திசு ரிப்போர்ட்டோ வேறு பக்கம் கைகாட்டியது: புற்று செல்களில் எம்எல்எச்1, பிஎம்எஸ்2 என்ற இரண்டு புரதங்களையும் காணோம்.

ஒரு செல் பிரிவதற்கு முன் சுமார் 640 கோடி டிஎன்ஏ எழுத்துகளை நகலெடுக்க வேண்டும். எடுக்கும் நொதி பாலிமரேஸ். லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அதற்குக் கை தவறும். தப்பான எழுத்து எதிர் எழுத்தோடு ஒட்டாமல் நுனியில் துருத்திக்கொண்டிருந்தால் நொதி அங்கேயே நின்று, அதை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி எழுதும். பிழைகளில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும்.

சிக்கல், ஏ ஏ ஏ என்று ஒரே எழுத்து வரிசையாக வரும் இடங்களில்தான். ஜிப்பில் ஒரு பல் தவறுவதுபோல அங்கே பழைய இழையும் புது நகல் இழையும் ஒன்றுக்கொன்று ஓர் எழுத்து வழுக்கிவிடும். வழுக்கிய பிறகும் நுனியில் ஏவுக்கு எதிரே டி ஒழுங்காகவே உட்கார்ந்திருக்கும். ஜோடி சேராத எழுத்து ஒரு புடைப்பாகக் கொஞ்சம் பின்னால் கிடக்கும். நுனியை மட்டும் பார்க்கும் பாலிமரேஸ் அதைக் கவனிக்காமல் போய்விடும்.

அதற்குத்தான் இரண்டாவது குழு. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 ஜோடி டிஎன்ஏ மேல் நகர்ந்து போய்ப் புடைப்பைப் பிடிக்கும். எம்எல்எச்1, பிஎம்எஸ்2 ஜோடி வந்து புது இழையில் வெட்டுப் போடும். பிழையுள்ள துண்டு கரைக்கப்பட்டு, அந்த இடம் திரும்ப நிரப்பப்படும். பழைய இழையில் கை வைக்கவே கூடாது, அதுதான் மூலப்பிரதி.

எம்எல்எச்1 மரபணு நமக்கு இரண்டு பிரதி. ஒன்று பிறப்பிலேயே பழுதென்றாலும் மற்றது பல வருஷம் சமாளிக்கும். குடலில் ஏதோ ஒரு செல்லில் அதுவும் போய்விட்டால், அதன் வாரிசு செல்கள் எல்லாவற்றிலும் வழுக்கல்கள் திருத்தப்படாமல் சேரும். ஒவ்வொரு பிரிவிலும் சேரும் பிழை வழக்கத்தைவிட நூறு மடங்குக்கு மேல் இருக்கலாம். டிஜிஎஃப்பிஆர்2 மரபணுவில் தொடர்ச்சியாகப் பத்து ஏ உண்டு. அது ஒன்பதானால், மூன்று மூன்றாக எழுத்து படிக்கும் வரிசையே நகர்ந்து, புரதம் பாதியில் நின்றுவிடும். ‘பிரியாதே’ என்ற சேதியை வாங்கும் புரதம் அது. சேதி காதில் விழாத செல் பிரிந்துகொண்டே போகும்.

சரி, ரிப்போர்ட்டில் ஏன் இரண்டு புரதம்? துணையான எம்எல்எச்1 இல்லாமல் பிஎம்எஸ்2 நிலைக்காது, சிதைந்துவிடும். ஆகவே சந்தேகம் எம்எல்எச்1 மேல்தான். வயதானவர்களிடம் இதே மரபணு பரம்பரைப் பழுது எதுவும் இல்லாமல் வெறுமனே அணைந்துபோவதும் உண்டு. ரிப்போர்ட் மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் அண்ணனுக்கு வயது 42, அவர் அம்மாவுக்கு ஐம்பதுக்குள் கர்ப்பப்பைப் புற்று. ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்தார்கள், பிறவிப் பழுது உறுதியானது. லிஞ்ச் நோய்க்குறி என்பார்கள். தங்கைக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தால் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தாக வேண்டும்.