ஒன்பது வருடப் பாலிசிக்கு ஏன் ஆஸ்பத்திரி பதிவேடு கேட்கிறார்கள்?

ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் கிளைம் பிரிவில் வேலை பார்க்கிறேன். பாலிசிதாரர் இறந்த பிறகு நாமினிக்குப் போகும் முதல் கடிதத்தை எழுதுவதும் என் வேலையில் சேர்ந்தது. இரங்கல் வரியைத் தாண்டி ஆவணப் பட்டியலுக்கு வரும்போதுதான் பெரும்பாலான குடும்பங்கள் பதறுகின்றன. ‘பணம் கொடுக்காமல் இருக்கச் சாக்குத் தேடுகிறார்கள்’ என்று நினைக்கின்றன. எது எதற்காகக் கேட்கப்படுகிறது என்று தெரிந்தால் அந்தப் பதற்றம் பாதி குறையும்.

எல்லாக் கடிதங்களிலும் இருப்பவை இவை: பூர்த்தி செய்த கிளைம் படிவம், அசல் பாலிசிப் பத்திரம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளச் சான்று, பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை. பத்திரம் தொலைந்திருந்தால் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். முறையான நாமினி இருக்கும்போது வாரிசுச் சான்றிதழ் பொதுவாகத் தேவையில்லை. கடிதத்தில் கேட்காத அந்தக் காகிதத்துக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

பட்டியல் நீள்வது மூன்றாண்டுக்குள் நேர்ந்த மரணங்களில்தான். 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 45வது பிரிவுப்படி, மூன்று ஆண்டுகள் கடந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் என்றால், உடல்நிலை பற்றிச் சொன்னது உண்மையா என்று பார்க்கலாம். பலருக்குத் தெரியாதது, பாலிசி காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட்டிருந்தால் புதுப்பித்த நாளிலிருந்து அந்த மூன்று ஆண்டு மறுபடி எண்ணப்படும் என்பது.

அப்படி ஒரு குடும்பம். 2015இல் எடுத்த பாலிசி, தவணை கட்டாமல் காலாவதியாகி, 2023 பிப்ரவரியில் புதுப்பிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் கணவர் மாரடைப்பால் இறந்தார். ஒன்பது வருடப் பாலிசிக்கு ஏன் இத்தனை கேள்வி என்று மனைவிக்குக் கோபம். கடிதத்தில் இப்படி எழுதியிருந்தோம்:

“தங்கள் கணவரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம். பாலிசி 2023 பிப்ரவரியில் புதுப்பிக்கப்பட்டதால், வழக்கமான ஆவணங்களுடன் சிகிச்சை அளித்த மருத்துவரின் சான்றும், மருத்துவமனை கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி நகல்களும் தேவைப்படுகின்றன. இவற்றைப் பெறுவதில் சிரமம் இருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். மருத்துவமனைக்கு நாங்களே எழுதுகிறோம்.”

இறப்புச் சான்றிதழ் போதாதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பொதுமக்களுக்குத் தரும் இறப்புச் சான்றிதழில் இறப்பின் காரணம் இருக்காது. பதிவுச் சட்டமே அதை வெளியிடத் தடை செய்கிறது. காரணம் தெரிய வேண்டுமானால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

கேஸ் ஷீட் வந்தது. அதில் ‘ஐந்து ஆண்டாகச் சர்க்கரை நோய்’ என்று ஒரு வரி. புதுப்பிக்கும்போது தந்த உடல்நல உறுதிமொழியிலோ, எந்த நோயும் இல்லை. விசாரித்தபோது, அந்த வரி அவசர சிகிச்சைப் பிரிவில் மைத்துனர் பதற்றத்தில் சொன்னது என்று தெரிந்தது. கேஸ் ஷீட்டில் நோய் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் ஏறுகிறது, உடன் வந்தவர் வாய்மொழியாக. நல்லவேளையாக அந்த அம்மா வீட்டில் பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடவில்லை. பக்கத்துத் தெரு மருத்துவரின் முதல் மருந்துச் சீட்டும் ரத்தப் பரிசோதனை முடிவும் 2023 அக்டோபர் தேதியில் இருந்தன. அதாவது, புதுப்பித்த பிறகு கண்டறிந்த நோய். அந்த இரண்டு காகிதங்களும் வந்த பிறகு எங்கள் பக்கம் கேட்க எதுவும் மிச்சமில்லை, தொகை கொடுக்கப்பட்டது.

நோய் முன்பே இருந்திருந்தாலும் உடனே மறுத்துவிட முடியாது. அந்தத் தகவல் தெரிந்திருந்தால் பாலிசியே தந்திருக்க மாட்டோம் என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. மோசடி இல்லாத தவறான தகவலுக்காக மறுத்தால், கட்டிய பிரீமியத்தை 90 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.

அதிகம் தாமதிப்பது இன்னொன்று: பெயர். பாலிசியில் இனிஷியல் முன்னே, சான்றிதழில் பின்னே. அல்லது ஒன்றில் முழுப்பெயர், மற்றதில் வீட்டுப்பெயர். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் எடுக்கும் உறுதிமொழிப் பத்திரமும் ஆதார் நகலும் பெரும்பாலும் போதும். கடிதம் வந்த அன்றே இரண்டு பெயர்களையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆவணங்களைக் கொடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, தேதியிட்ட ரசீது கேட்டு வாங்குங்கள். முகவர் நல்லவரே ஆனாலும், வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுத் தராதீர்கள். 2024 விதிகளின்படி, விசாரணை தேவைப்படாத மரண கிளைமை 15 நாட்களிலும், தேவைப்படுவதை 45 நாட்களிலும் நிறுவனம் முடிக்க வேண்டும். தாமதித்தால் வட்டி தர வேண்டும். மறுத்தாலோ, எழுத்துமூலப் புகாருக்கு ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளுக்குக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம். நிறுவனத்தின் பதில் கிடைத்த ஓராண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.